பெயருக்கு முன் 13 அடி

அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடியும்போது மணி 6.20. வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரை, நடுவில் பொன்னாடை. பிறகு சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்ய ஒருவர் எழுந்தார். கையில் இரண்டு தாள்கள். "அறிமுகமே தேவையில்லாதவர்" என்று தொடங்கி, விருந்தினர் பிறந்த ஊர், படித்த பள்ளி, வாங்கிய பட்டங்கள், வகித்த பதவிகள், போய் வந்த நாடுகள், பெற்ற விருதுகள் என்று ஒன்றுவிடாமல் 14 நிமிடம் வாசித்தார். விருந்தினர் ஒலிபெருக்கி முன் வந்து நின்றபோது மணி 7.25. வெளியூரிலிருந்து வந்தவர்கள் கடைசிப் பேருந்தை நினைத்து வாசலைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் மூன்று நிமிடம், "இந்தப் புகழ்ச்சிக்கெல்லாம் நான் தகுதியானவனா என்று தெரியவில்லை" என்று கூச்சத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார்.

இருபது ஆண்டுகளாக வாசகர் வட்டக் கூட்டங்களிலும் கல்லூரி விழாக்களிலும் அறிமுகவுரை சொல்லியிருக்கிறேன். பிறர் சொல்லக் கேட்டதற்குக் கணக்கில்லை. ஓர் அறிமுகம் கெட்டுப்போனதா இல்லையா என்று கண்டுபிடிக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பேச வந்தவரின் முதல் வாக்கியம் எதைப் பற்றியது? பேசவேண்டிய பொருளைப் பற்றி என்றால் அறிமுகம் சரியாக அமைந்தது. அறிமுகம் செய்தவரைப் பற்றியோ அவர் சொன்ன புகழைப் பற்றியோ என்றால், அங்கே ஏதோ பிசகியிருக்கிறது.

இந்தப் பிசகைத் திருத்த நமக்கு மிகப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. நூலை அவையில் அறிமுகப்படுத்தும் பகுதியைப் பாயிரம் என்றார்கள். தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் பாடியவர் பனம்பாரனார். தொல்காப்பியரோடு ஒரே ஆசிரியரிடம் படித்தவர் என்பது மரபு. நூலில் ஏறத்தாழ 1600 நூற்பாக்கள் இருக்கின்றன. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது வெறும் 15 அடி.

அந்த 15 அடியும் எந்த வரிசையில் போகின்றன என்று பாருங்கள். முதலில் எல்லை வருகிறது. வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடையில் தமிழ் பேசும் நிலம். கேட்பவர்கள் நிற்கும் இடமும் அதுதான். அடுத்தது பொருள்: அந்த நிலத்தின் பேச்சுவழக்கையும் செய்யுளையும் அடிப்படையாக வைத்து எழுத்து, சொல், பொருள் மூன்றையும் ஆராய்ந்த நூல் இது. பிறகு அந்த வேலை நடந்த விதம்: முந்தைய நூல்களைப் பார்த்து, முறையாக எண்ணித் தொகுத்தது. அதன் பிறகு சான்று: பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் என்ற பேராசானுக்கு முன்னால் ஐயம் நீங்கும்படி விளக்கிக் காட்டியது. ஆசிரியரைப் பற்றி ஒரே ஒரு தகுதிதான் சொல்லப்படுகிறது. அவர் ஐந்திரம் என்ற இலக்கணத்தை நிறைவாகக் கற்றவர். இலக்கண நூலுக்குத் தேவையான தகுதி அது. இத்தனையும் சொன்ன பிறகு, 14-ஆவது அடியில்தான் தொல்காப்பியன் என்ற பெயர் வருகிறது. புகழ்ச்சி கடைசி அடியில், ஒரு தொடர் மட்டும்.

தொல்காப்பியர் எந்த ஊரில் பிறந்தார், அவர் அப்பா யார், என்னென்ன பரிசு பெற்றார் என்று அதில் எதுவும் கிடையாது. பனம்பாரனாருக்குத் தெரிந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? கூடவே படித்தவருக்குத் தெரியாமலா போகும்? அவையில் இருப்பவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருப்பது ஒரே கேள்விக்கான பதில்: இந்தப் பொருளைப் பற்றி இவர் சொல்வதை நான் ஏன் கேட்கவேண்டும்? அந்த 15 அடியும் அதற்குத்தான் பதில் சொல்கின்றன.

13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை விதியாகவே எழுதிவைத்தார். ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நூல் சொல்லும் பொருள், கேட்பதற்குரியவர், கேட்பதால் வரும் பயன் என்று எட்டுச் செய்திகளைச் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டும். இந்த எட்டில் ஆளைப் பற்றியது எத்தனை, பொருளையும் கேட்பவரையும் பற்றியது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நம் மேடைகளில் எடை எந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்பது தெரியும். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால்தான் பாயிரத்தை வேறொருவர் சொல்லவேண்டும் என்கிறது நன்னூல். அந்த வேறொருவர் யார்? நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் என்று நால்வரைச் சொல்கிறது. நால்வருமே அந்த நூலை உள்ளும் புறமும் அறிந்தவர்கள். இன்று பல கூட்டங்களில் அறிமுகம் செய்பவரின் கையில் தாள் கிடைப்பதே மேடை ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான். அப்படிக் கிடைத்தால் அவரால் வாசிக்க மட்டும்தான் முடியும். தன்விவரக் குறிப்பை முழுதாக வாசிக்கும் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். சோம்பல் என்று எல்லோரையும் குறைசொல்ல மாட்டேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் அறிமுகம் எப்படி உருவாகிறது என்று காட்டிவிடுகிறேன்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு முறை ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரைப் பேச அழைத்திருந்தோம். தலைப்பு, 'நம் ஊர் ஏரி ஏன் நிரம்புவதில்லை'. அவர் அனுப்பிய தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கம். பொறியியல் பட்டம் பெற்ற கல்லூரி, உதவிப் பொறியாளராகச் சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய மாவட்டங்கள், பதவி உயர்வுகள், கலந்துகொண்ட கருத்தரங்குகள், மூன்று பாராட்டுச் சான்றிதழ்கள், குடியிருப்போர் சங்கத்தில் வகித்த பொறுப்பு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், தோட்டக்கலையில் ஆர்வம். ஒவ்வொன்றும் அவர் வாழ்க்கையில் மதிப்புள்ளது. ஆனால் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்கள். அவர்கள் அரங்கத்துக்கு வரும்போது மனசில் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். இந்தப் பட்டியலில் எந்த வரி அந்தக் கேள்வியைத் தொடுகிறது?

எதுவும் இல்லை. அதனால் கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பு அவருக்குத் தொலைபேசினேன். யாரை அறிமுகம் செய்தாலும் இந்த அழைப்பை நான் விடுவதில்லை. முதலில் பெயர். தலைப்பெழுத்து சேர்த்தா, சேர்க்காமலா, தமிழில் எழுதும்போது எந்த ல, எந்த ர என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அடுத்து, 'டாக்டர்' என்று குறிப்பில் இருந்தால் அவர் மருத்துவரா, முனைவரா என்று கேட்பேன். முனைவரை மருத்துவர் என்று மேடையில் அறிவித்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் மூட்டுவலிக்கு மருந்து கேட்க ஆட்கள் சூழ்ந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது எவ்வளவு சங்கடம். மூன்றாவதாக, அன்றைய பேச்சில் அவர் சொல்லப்போகிற நிகழ்ச்சிகள் என்னென்ன, நான் தொடக்கூடாதது எது என்று கேட்பேன். கடைசியாகக் கேட்பதுதான் எனக்கு மிக முக்கியமானது: "இந்த விஷயத்தில் நீங்களே நேரடியாக இறங்கிச் செய்த வேலை எது?"

பொறியாளரிடமும் அதையே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல, எங்க சரகத்துல இருந்த நாற்பது ஏரிக்கும் வரத்துக் கால்வாயை நடந்தே அளக்கச் சொன்னாங்க சார். ரெண்டு வருஷம் ஆச்சு. உங்க ஊர் ஏரியும் அதுல ஒண்ணு. அப்ப எழுதின நோட்டு இன்னும் வீட்டுல இருக்கு."

இரண்டு பக்கக் குறிப்பில் இது இல்லவே இல்லை. அவருக்கு அது இளவயதில் செய்த சாதாரண வேலை, எழுதத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பேச அவருக்கு இருக்கும் மிகப் பெரிய தகுதியே அதுதான். தன்விவரக் குறிப்பை நம்பியே மேடை ஏறுவதில் உள்ள ஆபத்து இது. அது வேலைக்கும் பதவி உயர்வுக்கும் எழுதப்பட்டது. அன்றைய தலைப்பு அதற்குத் தெரியாது.

அன்று மேடையில் நான் சொன்னது இவ்வளவுதான்:

"போன ஐப்பசியில் நல்ல மழை. பக்கத்து ஊர் ஏரி கலங்கல் வழிந்து ஓடியது. நம் ஏரியில் பாதிகூட நிற்கவில்லை. இரண்டு ஏரிக்கும் பெய்தது ஒரே மழைதான். அப்படியானால் நமக்கு வரவேண்டிய தண்ணீர் எங்கே போனது? நாற்பது ஏரிகளின் வரத்துக் கால்வாய்களை இரண்டு ஆண்டு நடந்தே அளந்தவர் ஒருவர் நம்மிடையே இருக்கிறார். நம் ஏரியும் அந்த நாற்பதில் ஒன்று. பொதுப்பணித் துறையில் 31 ஆண்டு பணியாற்றி, செயற்பொறியாளராக ஓய்வுபெற்றவர். 'நம் ஊர் ஏரி ஏன் நிரம்புவதில்லை' என்று இன்று நமக்குச் சொல்ல வந்திருக்கிறார்." இதற்குப் பிறகு அவர் பெயர். பெயரோடு நிறுத்திவிட்டேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் மேடையில் பேசும் வேகம் நிமிடத்துக்கு நூறு சொல்லை எட்டாது. ஆகவே நூற்றைம்பது சொல்லுக்கு மேல் எழுதிவிட்டால் இரண்டு நிமிடத்தை நெருங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். அரை மணி நேரப் பேச்சுக்கு ஒன்றரை நிமிட அறிமுகம் போதும். மேலே உள்ளதில் கேள்வி இருக்கிறது, பதில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும், தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். ஆனால் அது அவர் சொல்லவேண்டிய செய்தி. பெயரைக் கடைசியில் வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பெயர் காதில் விழுந்ததும் கைதட்டல் எழும், அவர் எழுந்து நடப்பார், ஒலிபெருக்கியை அடையும்வரை அது தொடரும். பெயரை முதலிலேயே சொல்லிவிட்டால் கைதட்டல் அங்கேயே வந்து தீர்ந்துவிடும். பிறகு நாம் விவரங்களைச் சொல்லி முடித்து "பேச அழைக்கிறோம்" எனும்போது அரங்கம் அமைதியாக இருக்க, அவர் தனியாக நடந்து வருவார்.

"விருதுகளைச் சொல்லாவிட்டால் அவர் வருத்தப்பட மாட்டாரா?" என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கவலை. முழு விவரத்தையும் அழைப்பிதழின் பின்பக்கத்திலோ அரங்க வாசலில் ஒரு தாளிலோ அச்சிட்டு வைக்கலாம். மேடையில் சொல்வதற்கு ஒரு விருது போதும். அதுவும் அன்றைய தலைப்போடு ஒட்டியதாக இருக்கட்டும்.

இந்த விருது விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்ம விருது பெற்றவர்களைப் பெயருக்கு முன்னால் 'பத்மஸ்ரீ', 'பத்மபூஷண்' என்று சேர்த்து அழைப்பது நம் மேடைகளில் சாதாரணம். அழைப்பிதழிலும் அப்படியே அச்சடிக்கிறார்கள். அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்கிறது. இந்த விருதுகள் பட்டங்கள் ஆகுமா என்ற கேள்வி பாலாஜி ராகவன் வழக்கில் எழுந்தபோது, 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவை பட்டங்கள் அல்ல என்றும், ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் அவற்றைச் சேர்க்கக்கூடாது என்றும் தீர்ப்பளித்தது. விருது பெற்றவர் அப்படிப் பயன்படுத்தினால் விருதையே இழக்க நேரலாம். மரியாதை என்று நினைத்து நாம் சேர்க்கும் அந்த முன்னொட்டு, மேடையில் உட்கார்ந்திருப்பவரை மறுக்கவும் முடியாத, ஏற்கவும் முடியாத நிலையில் வைக்கிறது. "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டுப் பெயரைத் தனியே சொன்னால் எந்தச் சிக்கலும் இல்லை.

மிகைப் புகழ்ச்சி இன்னொரு வழியிலும் பேச்சாளரைக் கெடுக்கிறது. "இவர் பேசினால் நீங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கப் போகிறது" என்று சொல்லி ஒருவரை நிறுத்தினால் அவருடைய முதல் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். 'எங்கே, சிரிக்க வை பார்ப்போம்' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "தமிழ்நாட்டிலேயே இவரைப்போல் ஆள் இல்லை" என்றால் அரங்கில் இருக்கும் அதே துறைக்காரர் மனசுக்குள் மறுப்பைத் தொடங்கிவிடுவார். 'சிறந்த', 'மாபெரும்', 'ஒப்பற்ற' என்ற சொற்களை எடுத்துவிட்டு, அவர் செய்த ஒரு காரியத்தை அப்படியே சொல்லிப் பாருங்கள். நாற்பது கால்வாய் நடந்தார் என்பதைக் கேட்டு 'அடேயப்பா' என்று நினைக்கவேண்டியது கேட்பவர். அந்த வேலையை நாம் செய்யக்கூடாது. நம்மிடம் அடுக்குமொழியில் ஒரு மயக்கம் வேறு இருக்கிறது. விருந்தினர் பெயரின் முதலெழுத்தில் தொடங்கும் பத்து அடைமொழிகளைத் தேடிக் கோத்துவிட்டால் அறிமுகம் முடிந்தது என்று இளம் தொகுப்பாளர்கள் நினைக்கிறார்கள். கைதட்டல் கிடைக்கும்தான். ஆனால் அது கோத்தவருக்குக் கிடைத்த கைதட்டல்.

அங்கேதான் மூன்றாவது பிழை ஆரம்பிக்கிறது, பேச வந்தவரை மறைத்துக்கொண்டு நாம் நிற்பது. 1988 ஜூலையில் அட்லாண்டா நகரில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. மைக்கேல் டுகாக்கிஸை அதிபர் வேட்பாளராக முன்மொழிந்து பேச, அப்போது அர்கன்சா மாநில ஆளுநராக இருந்த பில் கிளிண்டனை நிறுத்தினார்கள். அவர் அரை மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டே போனார். கூட்டம் "எங்களுக்கு மைக் வேண்டும்" என்று வேட்பாளர் பெயரைச் சொல்லிக் குரல் எழுப்பியது. கடைசியில் "முடிவாக" என்று அவர் தொடங்கியபோதுதான் பலத்த கைதட்டல் எழுந்தது. பின்னாளில் அதிபராகி, உலகம் முழுதும் பேச்சாற்றலுக்காகக் கவனிக்கப்பட்டவர் அவர். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கும் இது நேர்ந்திருக்கிறது.

நம் ஊர்களில் நீளத்தைவிடப் பெரிய ஆபத்து, பேச்சாளரின் பொருளை நாமே பேசிவிடுவது. இதை நான் செய்திருக்கிறேன். ஒரு கல்லூரி விழாவில் எழுத்தாளர் ஒருவரை அறிமுகம் செய்யவேண்டியிருந்தது. முன்பே பேசியபோது, தன் முதல் கதையை மளிகைக்கடை ரசீதுகளின் பின்பக்கத்தில், சமையலறைத் திண்ணையில் எழுதியதையும், வீட்டில் ஒருவர் அந்த ரசீதுகளைக் கணக்குப் பார்க்க எடுத்துப்போய்விட்டதையும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த நிகழ்ச்சி மிகவும் பிடித்துவிட்டது. மேடையில் அதை முழுதாகச் சொன்னேன். மாணவிகள் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா ஒலிபெருக்கி முன் வந்து, கையிலிருந்த குறிப்பின் முதல் தாளை எடுத்து, மடித்து, மேசையின் ஓரத்தில் வைத்தார். பிறகு இரண்டாவது தாளிலிருந்து தொடங்கினார். தொடக்கம் தட்டுத்தடுமாறித்தான் போயிற்று. தேநீர் நேரத்தில் கோபமே இல்லாமல், "தம்பி, நான் அதுலேர்ந்துதான் ஆரம்பிக்கறதா இருந்தேன்" என்றார்.

அந்த மடித்த தாள் என் கண்ணிலேயே நிற்கிறது. 'தொடக்கூடாதது எது' என்ற கேள்வியை நான் கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பேச்சு முடிந்த பிறகும் இதே தவறு நடக்கிறது. பேச்சாளர் இருக்கைக்குத் திரும்பும் முன்பே தொகுப்பாளர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "எவ்வளவு அழகாகச் சொன்னார்" என்று தொடங்கி, அவர் சொன்னதையெல்லாம் தன் சொற்களில் மறுபடி சொல்லி, இடையே தன் அனுபவத்தையும் சேர்த்துவிடுவார். கேட்டவர்கள் அசைபோட்டுக்கொண்டிருந்தது அங்கே கலைந்துபோகும். "நன்றி ஐயா" என்று சொல்லி அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தால் போதும். நட்பைச் சொல்வதும் இதில் சேரும். "நானும் இவரும் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள்" என்பது பனம்பாரனாரும் சொல்லியிருக்கக்கூடியதுதான். அவர் தன்னைப் பற்றி ஓர் எழுத்துக்கூடச் சொல்லவில்லை.

ஏரிக் கூட்டத்துக்கு வருகிறேன். பெயரைச் சொல்லிவிட்டு நான் உடனே இறங்கிவிடவில்லை. அவர் வந்து சேரும்வரை நின்று, ஒலிபெருக்கியை அவர் உயரத்துக்குத் தாழ்த்திக் கொடுத்துவிட்டு, பக்கவாட்டில் இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அவர் கையில் ஓரம் கிழிந்த பழைய நீள நோட்டு ஒன்று இருந்தது. கைதட்டல் ஓயும்வரை பொறுத்தார். நோட்டைத் திறந்தார்.

"நாற்பதுல உங்க ஏரி பதினேழாவது" என்றார். "கால்வாய் நீளம் அப்ப நாலரை கிலோமீட்டர். போன வாரம் மறுபடி நடந்து பார்த்தேன். மூணாவது கிலோமீட்டருக்கு மேல கால்வாயே இல்லை."

அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை.